பற்றவைத்த பிறகு வரும் விரிசல்

1962 ஜூலை 10. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அது குளிர்காலம். யாரா ஆற்றைக் கடக்கும் கிங் ஸ்ட்ரீட் பாலம் திறக்கப்பட்டுப் பதினைந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. அன்று காலை சுமார் 45 டன் எடையுள்ள வண்டி ஒன்று அதன்மேல் ஏறிச் சென்றபோது, பாலத்தின் ஒரு கண்ணில் இருந்த எஃகு உத்திரங்கள் உடைந்தன. தளம் ஏறக்குறைய ஓர் அடி இறங்கியது. அந்தக் கண்ணுக்கு அடியில் கான்கிரீட் சுவர்கள் எழுப்பப்பட்டிருந்ததால் தளம் அவற்றின்மேல் உட்கார்ந்து நின்றது. உயிர்ச்சேதம் இல்லை.

அரசு ஒரு ராயல் கமிஷனை அமைத்து விசாரித்தது. உத்திரங்களின் அடிப்பட்டைக்குக் கீழே, பலத்துக்காகக் கூடுதல் பட்டை ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. அது முடியும் முனையில் குறுக்காகப் போடப்பட்ட சிறிய வெல்டின் ஓரத்தில்தான் உடைப்பு தொடங்கியிருந்தது. அதைவிட முக்கியமான தடயம் ஒன்றும் கிடைத்தது. சில விரிசல்களின் உட்புறத்தில் பெயின்ட் இருந்தது. தொழிற்கூடத்தில் உத்திரத்துக்குப் பெயின்ட் அடித்தபோதே விரிசல் அங்கே வாய் திறந்திருந்தது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். வண்டி ஏறியதாலோ குளிர் அடித்ததாலோ அந்த விரிசல் பிறக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை அவை முழு உடைப்பாக்கின. பிறந்த இடம் வெல்டிங் மேடை.

இந்த வகை விரிசலைக் குளிர் விரிசல் என்கிறார்கள். பாலத்தில் அடித்த குளிருக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. வெல்ட் உருகிய நிலையில் இருக்கும்போது வருவது சூட்டு விரிசல். வெல்ட் உறைந்து, கை வைக்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகு வருவது இது. பற்றவைத்த ஆள் கசடு தட்டி, பிரஷ் போட்டு, பார்த்துவிட்டுப் போயிருப்பார். அப்போது அங்கே ஒன்றும் இருக்காது. சில மணி நேரம் கழித்து, சில சமயம் இரண்டு நாள் கழித்து, மயிரிழை போல ஒரு கோடு விழும். அதுவும் பெரும்பாலும் வெல்டில் விழாது. வெல்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பிளேட்டில், மேலே தெரியாமல் உள்ளுக்குள்ளே விழும். ஒரு வெல்டரின் கைத்திறமை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இதைத் தடுக்காது. அழகாகப் போடப்பட்ட வெல்டின் அடியிலும் இது வரும். ஆகவே பற்றவைப்பதற்கு முன்பே, பிளேட்டின் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, இது வருமா வராதா என்று கணிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இது ஏன் வருகிறது என்று பார்ப்போம். கொல்லன் உளியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதை ஊரில் பார்த்தவர்கள் இருப்பார்கள். தோய்த்தவுடன் உளியின் முனை கடினமாகிறது. கூடவே நொறுங்கும் தன்மையும் வருகிறது. பழுத்த எஃகில் கரிமம் கரைந்து கிடக்கிறது. மெதுவாக ஆறினால் அது பிரிந்து தனி அடுக்குகளாக அமைந்துகொள்ளும். சடாரென்று குளிர்ந்தால் பிரிய நேரமில்லாமல் அணுக்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கியதால் இறுகிப்போன அமைப்புக்கு மார்ட்டன்சைட் என்று பெயர். வெல்டிங்கிலும் நடப்பது இதேதான், ஆனால் தண்ணீர் இல்லாமல். ஒரு சிறிய கோடு மட்டும் உருகுநிலைக்குப் போகிறது. அதைச் சுற்றியுள்ள கனத்த பிளேட் முழுவதும் குளிர்ந்தே இருக்கிறது. அந்தக் குளிர்ந்த இரும்பு, வெல்டின் சூட்டை நொடிகளில் உறிஞ்சிவிடுகிறது. வெல்டை ஒட்டிய சில மில்லிமீட்டர் அகலமுள்ள பகுதி, அதாவது உருகாமல் ஆனால் பழுக்கும் அளவுக்குச் சூடேறிய பகுதி, தோய்த்த உளிபோல் ஆகிவிடுகிறது. சாதாரண கட்டுமான எஃகின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் 150 முதல் 180 வரை இருக்கும். அதே எஃகு முழுக்க மார்ட்டன்சைட் ஆனால் 450-ஐத் தொடும். 350-ஐத் தாண்டினாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் பழைய கணக்கு.

கடினம் மட்டும் விரிசலை உண்டாக்காது. இரண்டாவதாக ஹைட்ரஜன் வேண்டும். ராடின் மேற்பூச்சில் ஏறிய ஈரம், பிளேட்டின் துரு, எண்ணெய், கிரீஸ், பெயின்ட் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வில்லின் சூட்டில் நீர் பிளந்து, ஹைட்ரஜன் அணு அணுவாக உருகிய உலோகத்துக்குள் கரைந்துவிடும். உருகிய இரும்பு அதைத் தாராளமாக ஏற்கும். உறைந்த இரும்பு ஏற்காது. எனவே வெல்ட் உறைந்ததும் அது வெளியேற வழி தேடுகிறது. மிகச் சிறிய அணு என்பதால் இரும்பின் அணுக்களுக்கு நடுவே நகர்ந்து செல்ல அதனால் முடியும். ஒரு பகுதி காற்றில் போய்விடும். இன்னொரு பகுதி, பக்கத்தில் இறுகிக் கிடக்கும் அந்தக் கடினப் பட்டைக்குள் போய்ச் சேரும். அங்கே இழுவிசை எங்கு அதிகமோ அந்த இடத்தில் கூடி, இரும்பின் பிணைப்பைத் தளர்த்தும். இப்படி நகர்ந்து கூடுவதற்கு நேரம் பிடிக்கிறது. விரிசல் தாமதமாக வருவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, இழுவிசை. இதைத் தனியாகக் கொண்டுவர வேண்டியதில்லை. வெல்ட் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த பிளேட் சுருங்க விடாது. அந்த இழுபறி, எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவுக்கே போய்விடும். மெல்போர்ன் பாலத்தில் பட்டையின் நீளவாட்டு வெல்டுகளை முதலில் போட்டுவிட்டு, முனையின் குறுக்கு வெல்டைக் கடைசியில் போட்டிருந்தார்கள். பட்டை அதற்குள் இரு பக்கமும் இறுகிப் பிடிபட்டிருந்தது. சுருங்க இடமே இல்லாத நிலையில், சின்ன வெல்ட், கனமான பிளேட். விரிசலுக்கு அதைவிடச் சாதகமான இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

கடினப் பட்டை, ஹைட்ரஜன், இழுவிசை. மூன்றும் சேர்ந்து, வெப்பமும் ஏறக்குறைய 150 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் விரிசல் வரும். ஒன்றை விலக்கினாலும் தப்பிக்கலாம். இழுவிசையை முழுதாக விலக்க வழியில்லை. மற்ற இரண்டையும் கட்டுப்படுத்தலாம். அதற்கு முதலில் தெரிய வேண்டியது, இந்த எஃகு எவ்வளவு எளிதில் கடினமாகும் என்பது.

அதற்குத்தான் கார்பன் சமானம் என்ற எண். எஃகு கடினமாவதற்குக் கரிமம் முதல் காரணம். ஆனால் மாங்கனீசு, குரோமியம், மாலிப்டினம், வனேடியம், நிக்கல், செம்பு ஆகியவையும் தத்தம் அளவில் அதற்குத் துணை போகின்றன. அவை ஒவ்வொன்றும் எவ்வளவு கரிமத்துக்கு ஈடு என்று எடைபோட்டுக் கூட்டினால் ஒரே எண்ணாகிவிடும். 1940-இல் டியர்டன், ஓ'நீல் என்ற இருவர் வகுத்த சூத்திரத்தைச் சற்று எளிமையாக்கி, சர்வதேச வெல்டிங் கழகம் 1960-களில் ஏற்றுக்கொண்டது. இன்றும் உலகெங்கும் மில் சான்றிதழ்களில் வருவது இதுதான்:

CE = C + Mn/6 + (Cr + Mo + V)/5 + (Ni + Cu)/15

எல்லாம் எடையில் சதவீதம். ஆறு பங்கு மாங்கனீசு ஒரு பங்கு கரிமத்துக்குச் சமம் என்று இதைப் படிக்க வேண்டும். மெல்போர்ன் பாலத்துக்கு எடுத்த எஃகின் தர விதி, 1941-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விதி, 0.23 சதவீதம் வரை கரிமத்தையும் 1.8 சதவீதம் வரை மாங்கனீசையும் அனுமதித்தது. இந்த இரண்டை மட்டும் போட்டாலே 0.23-உம் 0.30-உம் சேர்ந்து 0.53 வருகிறது. குரோமியத்துக்கும் அதில் இடம் இருந்தது. உடைந்த பிளேட்டுகளிலிருந்து துண்டெடுத்துச் சோதித்தபோது கரிமம் அந்த வரம்பையும் மீறியிருந்தது. உருக்காலையில் கொப்பரையிலிருந்து எடுத்த மாதிரி ஒரு கணக்கைச் சொல்லும்; உருட்டி முடித்த பிளேட் சற்று வேறு கணக்கைச் சொல்லும். சான்றிதழில் உள்ளது பெரும்பாலும் முதலாவது. முக்கியமான வேலைக்குப் பிளேட்டிலிருந்தே துருவி எடுத்துச் சோதிப்பது நல்லது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பொதுவாகச் சொல்லும் அளவுகோல் இது: 0.40-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலையில்லை, 0.40 முதல் 0.50 வரை முன்சூடு பற்றி யோசிக்க வேண்டும், 0.50-ஐத் தாண்டினால் முன்சூடு இல்லாமல் தொடக்கூடாது. இதை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் பலர். நானும் இதைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் இதோடு நிறுத்திக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. நம் நாட்டில் கட்டுமான எஃகுக்கான விதி ஐ.எஸ். 2062. அதில் இ350 தர எஃகின் கார்பன் சமானம் 0.47-ஐத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. சான்றிதழில் 0.44 என்று இருந்தால் 'பாஸ்' என்று எழுதிவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். அந்த 0.47 என்பது பிளேட்டை வாங்கலாமா என்பதற்கான வரம்பு. எப்படிப் பற்றவைப்பது என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. ஒரே சான்றிதழ் உள்ள இரண்டு பிளேட்டுகளில் ஒன்றை அப்படியே பற்றவைக்கலாம், மற்றதைச் சூடாக்காமல் தொடக்கூடாது என்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டே பார்ப்போம். இ350 தரத்தில் ஒரு பிளேட். கரிமம் 0.18, மாங்கனீசு 1.45, குரோமியம் 0.03, மாலிப்டினம் 0.01, வனேடியம் 0.03, நிக்கல் 0.02, செம்பு 0.02 என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள சூத்திரத்தில் மாங்கனீசு 0.24 தருகிறது, குரோமியம் முதலான மூன்றும் 0.014, நிக்கலும் செம்பும் 0.003. கரிமத்தோடு கூட்டினால் 0.44. வரம்புக்குள் வந்துவிட்டது.

இனி, எவ்வளவு முன்சூடு வேண்டும்? ஐரோப்பிய வெல்டிங் விதி இதற்கு ஒரு சூத்திரம் தருகிறது. அது கார்பன் சமானத்தையே சற்று வேறு விதமாக எடைபோடுகிறது. மாங்கனீசை ஆறால் அல்ல, பத்தால் வகுக்கிறது. நம் பிளேட்டுக்கு அந்த எண் 0.329 வரும். அதோடு பிளேட்டின் கனம், 100 கிராம் வெல்ட் உலோகத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஹைட்ரஜன், ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு எத்தனை கிலோஜூல் சூடு என்ற மூன்றையும் சேர்க்கிறது. அந்தச் சூத்திரம் இது:

Tp = 697·CET + 160·tanh(d/35) + 62·HD^0.35 + (53·CET − 32)·Q − 328

இதைப் பார்த்து மிரள வேண்டாம். பகுதி பகுதியாகப் படித்தால் சொல்வது தெளிவு. முதல் பகுதி எஃகின் சேர்மானம், இரண்டாவது கனம், மூன்றாவது ஹைட்ரஜன். நான்காவது வெல்டின் சூடு. அது கூடினால் முன்சூட்டின் தேவை குறையும். கையால் ராடு பிடித்துச் செய்யும் சாதாரண வேலையில் சூடு மில்லிமீட்டருக்கு 1.5 கிலோஜூல் என்று எடுத்துக்கொள்வோம். நன்கு உலர்த்திய குறைந்த ஹைட்ரஜன் ராடில் ஹைட்ரஜன் 5 மில்லிலிட்டர்.

பிளேட்டின் கனம் 12 மில்லிமீட்டர் என்றால் விடை ஏறக்குறைய 41 டிகிரி. சித்திரை வெயிலில் சென்னைப் பட்டறையில் கிடக்கும் பிளேட் அந்தச் சூட்டில்தான் இருக்கும். அதே பிளேட் 40 மில்லிமீட்டர் கனமானால் விடை 119 டிகிரி. சேர்மானம் ஒன்றே, சான்றிதழ் ஒன்றே, கார்பன் சமானம் ஒன்றே. கனம் மட்டும் கூடியது. கனத்த பிளேட்டுக்குச் சூட்டை உறிஞ்சிக்கொள்ள அதிக இரும்பு இருக்கிறது. வெல்ட் வேகமாகக் குளிர்கிறது. ஹைட்ரஜன் வெளியே போக வேண்டிய தூரமும் நீளுகிறது.

இப்போது அந்த 40 மில்லிமீட்டர் பிளேட்டிலேயே ராடை மட்டும் மாற்றுவோம். ஈரம் ஏறிய ராடு, ஹைட்ரஜன் 15 மில்லிலிட்டர். விடை 170 டிகிரிக்கு ஏறுகிறது. ஐம்பது டிகிரி வித்தியாசம், ராடைச் சரியாக உலர்த்தாத ஒரே காரணத்தால். கிரில் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் பயன்படுத்தும் 6013 வகை ராடில், புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்தாலும், ஹைட்ரஜன் இந்த 15-ஐத் தாண்டும். அந்த வகை ராடின் பூச்சு அப்படிப்பட்டது. கனத்த பிளேட்டில் 6013-ஐ வைத்து டேக் போடுவதை நான் எதிர்ப்பது இந்தக் கணக்கால்தான்.

அமெரிக்கக் கட்டுமான வெல்டிங் விதியைப் பின்பற்றுபவர்கள் வேறு பதில் சொல்வார்கள். அதன் அட்டவணையில், இதையொத்த எஃகுக்குக் குறைந்த ஹைட்ரஜன் ராடோடு 38 முதல் 65 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறைந்தபட்ச முன்சூடு 65 டிகிரி. 119-க்கும் 65-க்கும் இவ்வளவு இடைவெளி ஏன் என்று கேட்கலாம். அமெரிக்க அட்டவணை எஃகின் தரப்பெயரையும் கனத்தையும் பார்த்துக் குறைந்தபட்சத்தைச் சொல்கிறது. அதற்குக் கீழே போகக்கூடாது என்பதே அதன் பொருள், போதும் என்று அது உறுதி கொடுப்பதில்லை. ஐரோப்பியச் சூத்திரம் நம் கையில் உள்ள பிளேட்டின் சேர்மானத்தையே பார்க்கிறது. இழுவிசையும் கடுமையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. வேலைக்கு எந்த விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதோ அதை முழுதாகப் பின்பற்ற வேண்டும். ஒன்றிலிருந்து வெப்பத்தையும் மற்றதிலிருந்து ராடையும் எடுத்துச் சேர்ப்பது இரண்டு விதிகளின் பாதுகாப்பையும் கெடுக்கும்.

முன்சூடு இரண்டு வேலைகளைச் செய்கிறது. வெல்டுக்கும் பிளேட்டுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசத்தைக் குறைப்பதால், 800 டிகிரியிலிருந்து 500-க்கு இறங்கும் நேரம் நீளுகிறது. மார்ட்டன்சைட் உருவாவதா வேண்டாமா என்று தீர்மானமாவது அந்த இடைவெளியில்தான். இதைவிடப் பெரியது இரண்டாவது வேலை என்பேன். பிளேட் 100 டிகிரிக்கு மேலே நெடுநேரம் இருந்தால் ஹைட்ரஜன் அங்கிருந்து கிளம்பிவிடும். அறை வெப்பத்தில் ஊர்ந்து செல்லும் அணு, 100 டிகிரிக்கு மேலே பலமடங்கு வேகமாக நகர்கிறது. விரிசல் வரும் வெப்பத்துக்கு வெல்ட் இறங்கும்போது, அங்கே விரிசலை உண்டாக்க ஹைட்ரஜன் மிச்சமிருக்காது. அதனால்தான் முன்சூடு என்பது தொடக்கத்தில் காட்டும் நெருப்போடு முடிவதில்லை. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவிலும் அந்த வெப்பத்துக்குக் கீழே போகக்கூடாது. பாதி வேலையில் சாப்பாட்டுக்குப் போனால், திரும்பி வந்து மீண்டும் சூடேற்றிவிட்டுத்தான் ராடைத் தொட வேண்டும்.

பட்டறையில் இது எங்கே தவறுகிறது என்பதற்கு வருகிறேன். எல்பிஜி பர்னரைக் கொளுத்திக் குளிர்ந்த பிளேட்டில் காட்டியதும் மேலே நீர்த்துளிகள் அரும்பும். இரும்புக்குள் இருந்த ஈரம் வெளியே வருகிறது, துளிகள் காய்ந்ததும் முன்சூடு முடிந்தது என்று நம்புகிற ஆட்கள் நிறைய. அந்த நீர் இரும்பிலிருந்து வருவதில்லை. வாயு எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்த பிளேட்டில் படிகிறது, அவ்வளவே. அது காயும்போது மேற்பரப்பு சற்று வெதுவெதுப்பாகியிருக்கும். 119 டிகிரிக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

மேற்பரப்பு சூடாக இருப்பதும் உள்ளே சூடாக இருப்பதும் ஒன்றல்ல. 40 மில்லிமீட்டர் பிளேட்டில் நெருப்புப் படும் பக்கம் 150 இருக்கலாம். மறுபக்கம் 60-தான் இருக்கும். வெப்பத்தை எப்போதும் நெருப்புப் படாத பக்கத்தில் அளக்க வேண்டும். அது முடியாத இடத்தில் நெருப்பை விலக்கிவிட்டு, 25 மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டு நிமிடம் என்ற கணக்கில் காத்திருந்து அளக்க வேண்டும். 40 மில்லிமீட்டருக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். வெல்ட் போடும் கோட்டின் மேலேயே அளந்தாலும் பயனில்லை; கோட்டிலிருந்து இரு பக்கமும் 75 மில்லிமீட்டர் தள்ளி அந்த வெப்பம் இருக்க வேண்டும். அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. குறிப்பிட்ட டிகிரியில் உருகும் டெம்பரேச்சர் சாக் கடையில் கிடைக்கிறது. 120 டிகிரி சாக்கால் கோடு இழுத்தால், பிளேட் அந்தச் சூட்டை எட்டியிருந்தால் கோடு உருகி ஈரமாகப் பளபளக்கும். எட்டாவிட்டால் சுண்ணாம்புக் கோடுபோல உலர்ந்து நிற்கும்.

"அண்ணே, கை வைக்க முடியல, அவ்வளவு சூடு" என்று ஹெல்பர் சொல்வார். நல்ல போர்மேனாக இருந்தால், "கைக்கு அறுபதும் சூடுதான், நூத்திருபதும் சூடுதான். அந்தப் பக்கம் போய் சாக்கு போடு தம்பி" என்பார். இந்த ஓர் உரையாடல் தினமும் ஒழுங்காக நடக்கும் பட்டறையில் விரிசல்கள் குறைவு.

டேக் வெல்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளேட்டுகளை நிலைப்படுத்தப் போடும் அந்தச் சின்னச் சின்ன வெல்டுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிட்டர் போட்டுவிட்டுப் போவார். முன்சூடு ஆட்கள் அதன் பிறகுதான் வருவார்கள். ஆனால் டேக்கில் உள்ள சூடு மிகக் குறைவு. சுற்றியுள்ள இரும்பு அதே கனம். மொத்த வேலையிலும் மிக வேகமாகக் குளிரும் வெல்ட் டேக்தான். விரிசல் விட்ட டேக்கின்மேல் முறையான வெல்ட் ஏறினால், அந்த விரிசல் முழுதாக உருகாமல் வேரில் தங்கிவிடலாம். வில்லைப் பற்றவைக்க ராடைப் பிளேட்டில் உரசும் இடமும் அப்படியே. ஒரு பொட்டு அளவு உருகி, நொடியில் உறைந்து, கண்ணாடிபோல் கடினமாகிவிடும். அதைக் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டு, விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது.

ராடின் விஷயமும் இதேபோல் கவனிக்காமல் விடப்படுவது. 7018 போன்ற குறைந்த ஹைட்ரஜன் ராடு, பெயர் அப்படி இருப்பதாலேயே அப்படி இருந்துவிடாது. அதன் பூச்சு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அமெரிக்க விதிப்படி, காற்றுப்புகா டப்பாவைத் திறந்ததும் ராடுகளைக் குறைந்தது 120 டிகிரி உள்ள ஓவனில் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். கூடுதல் நேரம் வெளியே கிடந்தவற்றை 260 முதல் 430 டிகிரிக்குள் இரண்டு மணி நேரம் உலர்த்திவிட்டுத்தான் எடுக்கலாம். நனைந்துவிட்ட ராடை உலர்த்தியும் பயன்படுத்தக்கூடாது. கடலோர ஊர்களில், ஐப்பசி கார்த்திகை மழையில், காலையில் எடுத்த கட்டு மாலைவரை திறந்த டப்பாவில் கிடப்பதைப் பார்க்கும்போது, முன் சொன்ன ஐம்பது டிகிரி வித்தியாசம் என் கண்முன் வந்து நிற்கும்.

இவ்வளவும் செய்த பிறகு, விரிசல் வந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில், அவசரப்படக்கூடாது. ஆறியவுடன் சோதித்தால் விரிசல் இன்னும் பிறந்திருக்காது. எஃகின் வலிமை, வெல்டின் அளவு, முன்சூடு ஆகியவற்றைப் பொறுத்துச் சில மணி நேரம் முதல் 48 மணி நேரம் வரை காத்திருந்து சோதிக்கச் சொல்கின்றன விதிகள். மேலே திறந்த விரிசலுக்குக் காந்தத்துகள் சோதனை: வெல்டைக் காந்தமாக்கி இரும்புத்தூளைத் தூவினால், விரிசல் உள்ள இடத்தில் தூள் கோடாகக் கூடும். பார்க்க வேண்டிய இடம் வெல்டின் ஓரம், அதாவது வெல்ட் முடிந்து பிளேட் தொடங்கும் கோடு. உள்ளுக்குள் இருக்கும் விரிசலுக்கு அல்ட்ராசானிக். வேலை அட்டவணை நெருக்குகிறது என்று அன்று மாலையே சோதித்து, பெயின்ட் அடித்து அனுப்பினால், சோதனைத் தாள் சுத்தமாகவே இருக்கும். அது எதையும் நிரூபிக்காது.

விரிசல் கண்டுபிடிக்கப்பட்டால் அதன்மேல் இன்னொரு வெல்ட் போட்டு மூடுவது தீர்வாகாது. முழுவதும் குடைந்து எடுத்து, எடுத்தாயிற்றா என்று மீண்டும் சோதித்து, முன்னைவிடக் கூடுதல் முன்சூட்டோடு நிரப்ப வேண்டும். பழுதுபார்க்கும் வெல்ட் நான்கு பக்கமும் இறுகிப் பிடிக்கப்பட்ட பள்ளத்தில் போடப்படுவதால், இழுவிசை முதல் தடவையைவிட அதிகம். முதல் தடவை 120 போதாமல் விரிசல் வந்த இடத்தில் அதே 120 இரண்டாம் தடவை போதும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை.

கார்பன் சமானம் என்ற எண்ணின் எல்லையையும் சொல்ல வேண்டும். 1940-இல் பிறந்த சூத்திரம், அக்காலத்துக் கரிமம் மிகுந்த எஃகுகளுக்காகப் பிறந்தது. இன்று உருட்டும்போதே வெப்பத்தைக் கட்டுப்படுத்தி, கரிமம் 0.10-க்கும் கீழே உள்ள பிளேட்டுகளைச் செய்கிறார்கள். அவற்றுக்கு அந்தச் சூத்திரம் தேவைக்கு அதிகமாகப் பயமுறுத்தும். மாங்கனீசு மிகுந்திருந்தாலும் கரிமம் குறைவு என்பதால் மார்ட்டன்சைட்டே அவ்வளவு கடினமாக இருக்காது. ஜப்பானியர்களான இட்டோ, பெஸ்ஸியோ இருவரும் 1960-களின் இறுதியில் இதற்காகவே வேறொரு சூத்திரத்தை வகுத்தார்கள். அதில் மாங்கனீசு இருபதால் வகுபடுகிறது. மிகச் சிறிய அளவில் இருந்தாலும் பெரிதாகக் கடினமாக்கும் போரானுக்கு ஐந்தால் பெருக்கும் இடம் உண்டு. சான்றிதழில் போரான் எழுதப்படாவிட்டால், எழுதித் தரக் கேட்டு வாங்க வேண்டும்.

புதிய எஃகுகள் ஒரு புதிய சிக்கலையும் கொண்டுவந்திருக்கின்றன. பிளேட் மிக நல்லதாகிவிட்டதால், விரிசல் இடம் மாறி வெல்டுக்குள்ளேயே வரத் தொடங்கியது. வலிமைக்காக ராடில் சேர்க்கும் மாங்கனீசும் நிக்கலும் வெல்ட் உலோகத்தைப் பிளேட்டைவிடக் கடினமாக்கிவிடுகின்றன. அப்போது கணக்கிட வேண்டியது பிளேட்டின் சேர்மானத்தை அல்ல, ராடின் சேர்மானத்தை. அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் வேர்விடவில்லை.

முன்சூட்டைக் கூட்டிக்கொண்டே போவதும் தீர்வாகாது. மிக மெதுவாக ஆறினால் வெல்டை ஒட்டிய பகுதியின் மணிகள் பருத்து, குளிரில் அடி தாங்கும் சக்தி குறையும். தணித்துப் பதப்படுத்திய உயர்வலிமை எஃகில், வரிசைகளுக்கு இடைப்பட்ட வெப்பம் எல்லை மீறினால் வலிமையே போய்விடும். அவற்றுக்குக் கீழ்வரம்போடு மேல்வரம்பும் கொடுத்திருப்பார்கள். அநேகமாக 200 டிகிரியை ஒட்டி.

இத்தனையும் சான்றிதழ் உள்ள பிளேட்டுக்கு. ஐம்பது அறுபது ஆண்டுப் பழைய ஆலைக் கூரையையோ கிரேன் உத்திரத்தையோ பலப்படுத்தச் சொல்லும்போது கையில் எந்தத் தாளும் இருக்காது. அங்கே முதல் வேலை வெல்டிங் இல்லை. இழுவிசை குறைந்த ஓர் ஓரத்தில் டிரில் போட்டு, எண்ணெய் படாத பிட்டால் துருவலை எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, கரிமமும் மாங்கனீசும் கந்தகமும் என்ன என்று எழுதி வாங்க வேண்டும். அந்தத் துருவல் ஒரு தீப்பெட்டியை நிரப்பாது. ஆய்வுச் செலவும் ஒரு டப்பா ராடின் விலையை ஒட்டியே இருக்கும். அந்தத் தாள் வரும்வரை, அங்கே போல்ட் போட்டு இணைக்க முடியுமா என்று வடிவமைத்த பொறியாளரிடம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.